பின்தேதியிட்ட காசோலை கேட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுதல்

இன்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும், இனி வரப்போகும் ஒரு நாளைத் தேதியாக இட்ட காசோலை பின்தேதியிட்ட காசோலை எனப்படும். கடனுக்குச் சரக்கு கொடுத்த வியாபாரி, வாடிக்கையாளரிடமிருந்து நிலுவைத் தொகையைத் தவணை தவணையாகப் பெறுவதற்கு இதைக் கேட்டு வாங்குவது வழக்கம். கடைத்தெருவில் இதற்குப் 'பிடிசி' என்று பெயர்.

இப்படிப்பட்ட காசோலை கையில் இருந்தாலும் அதில் எழுதிய தேதி வரும்வரை அது சட்டப்படி முழுமையான காசோலை ஆகாது. காசோலை என்றால் கேட்டவுடன் வங்கி பணம் தர வேண்டும். தேதி வராத தாளுக்கு வங்கி பணம் தராது. ஆகவே அதுவரை அது ஒரு மாற்றுச்சீட்டு மட்டுமே என்றும், எழுதிய தேதியன்றுதான் காசோலை ஆகிறது என்றும் உச்ச நீதிமன்றம் 1993இல் விளக்கியிருக்கிறது. காசோலை செல்லுபடியாகும் காலமும் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும். அந்தக் காலம் 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம். அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது.

தேதிதான் இந்தத் தாளுக்கு உயிர் என்பதால், அதைக் கேட்டு எழுதும் கடிதத்திலும் தேதி, தொகை இரண்டும் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். கடிதத்தில் விட்டுப்போன ஒவ்வொன்றும் பிறகு காசோலையில் பிழையாகவோ, வங்கியிலிருந்து திரும்பிவரும் தாளாகவோ வந்து நிற்கும். ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு, அதை வரிவரியாகத் திருத்திப் பார்த்தால் இது விளங்கும்.

திருத்த வேண்டிய கடிதம்

ஈரோட்டில் நூல் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், விசைத்தறி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு 2026 மார்ச் மாதத்தில் இரண்டு பில்களில் நூல் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பில் ரூ. 1,94,250. இரண்டாவது ரூ. 1,68,150. மொத்தம் ரூ. 3,62,400. மே மாதத்தில் வாடிக்கையாளர் வங்கி மூலம் ரூ. 50,000 அனுப்பினார். மீதி ரூ. 3,12,400. தொலைபேசியில் பேசியபோது, "மாசம் எண்பதாயிரம் வரைக்கும் சமாளிச்சுக்குவேங்க, செக்காவே குடுத்தர்றேன்" என்று அவர் சொல்லியும் இருக்கிறார். அதை வைத்துக் கடையில் எழுதிய கடிதம் இது:

"ஐயா, தங்கள் பாக்கி வெகுநாட்களாக நிலுவையில் உள்ளது. பலமுறை போனில் கேட்டும் பயனில்லை. எனவே மாதம் 80 ஆயிரம் வீதம் 10ஆம் தேதிக்கு நான்கு முன்தேதியிட்ட காசோலைகளை உடனடியாக அனுப்பவும். பாதுகாப்புக்காகக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை இரண்டும் தரவும். தவறினால் செக் மோசடி வழக்குத் தொடரப்படும்."

கோபத்தில் எழுதிய கடிதம் என்பது தெரிகிறது. கோபத்தைக் குறைத்துவிட்டால் கடிதம் சரியாகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் இதில் குரலைவிடப் பெரிய குறைகள் இருக்கின்றன.

'முன்' என்ற சொல்

முதல் குறை தமிழில் இருக்கிறது. 'முன்தேதியிட்ட காசோலை' என்றால் என்ன? தேதி வருவதற்கு முன்பே கொடுக்கும் காசோலை என்று ஒருவர் பொருள்கொள்வார். கடந்துபோன தேதியை இட்ட காசோலை என்று இன்னொருவர் பொருள்கொள்வார். முன் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருளும் உண்டு. 'முன்னாள்' என்கையில் கடந்தகாலம், 'முன்னே போ' என்கையில் இனி வரும் வழி. பத்திரிகைகளிலும் இரண்டு வகையாகவும் எழுதுகிறார்கள். 'பின்தேதியிட்ட' என்பது ஓரளவு தெளிவான சொல். அதைவிடத் தெளிவு, 9-7-2026 என்று நாளையே எழுதிவிடுவது. கடிதத்தில் நான்கு தேதியும் முழுமையாக இருந்தால் முன்னா பின்னா என்ற கேள்வியே எழாது.

தொகை

நான்கு காசோலை, தலைக்கு 80 ஆயிரம் என்றால் ரூ. 3,20,000. நிலுவையோ ரூ. 3,12,400. ரூ. 7,600 கூடுதலாகக் கேட்கப்பட்டிருக்கிறது. 'மீதியைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்' என்று வியாபாரி நினைத்திருக்கலாம். வாடிக்கையாளர் தன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. காசோலை திரும்பினால் வழக்குத் தொடர வழிசெய்வது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. அந்தப் பிரிவு, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்காகக் கொடுத்த காசோலைக்கே பொருந்தும். நான்காவது காசோலை வங்கிக்குப் போகும் நாளில் உண்மையான பாக்கி ரூ. 72,400ஆக இருக்க, காசோலையில் ரூ. 80,000 என்று இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிக்கும் இடம் அதுவே.

ஆகவே மூன்று காசோலை ரூ. 80,000 வீதம், கடைசிக் காசோலை ரூ. 72,400 என்று கேட்பதே சரி. ஒவ்வொன்றும் ரூ. 78,100 என்று சமமாகப் பிரித்தாலும் மொத்தம் சரியாக வரும். ஆனால் வாடிக்கையாளர் வாயால் சொன்னது எண்பதாயிரம். அவர் சொன்ன எண்ணே கடிதத்திலும் இருந்தால், 'நான் ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறார்கள்' என்று அவருக்குத் தோன்றும். உதிரித் தொகை கடைசியில் வருவதில் இன்னொரு வசதி: இடையில் சரக்கு ஏதும் திரும்பி வந்தாலோ தள்ளுபடி கொடுத்தாலோ அந்த ஒரு காசோலையை மட்டும் மாற்றினால் போதும்.

பில் எண், தேதி, வந்த பணம், மீதி என்ற கணக்கு கடிதத்திலேயே இருக்க வேண்டும். 'தங்கள் பாக்கி' என்று மட்டும் எழுதினால் எந்தப் பாக்கி என்பது பிறகு வாதமாகும். பில் எண்ணோடு எழுதி, அதை ஏற்று அவர் காசோலை கொடுத்துவிட்டால், எந்தக் கடனுக்காகக் கொடுத்தார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

தேதி

'10ஆம் தேதிக்கு' என்று மாதத்தைக்கூடச் சொல்லாமல் எழுதியிருக்கிறார்கள். ஜூலை முதல் என்று வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் புரட்டினால், 2026 அக்டோபர் 10 இரண்டாவது சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. விடுமுறை நாளைத் தேதியாக இட்ட காசோலை செல்லாமல் போய்விடாது. அடுத்த வேலை நாளில் போடலாம். ஆனாலும் 'பத்தாம் தேதிக்குப் பணம் வைத்திருந்தேன், நீங்கள் பன்னிரண்டாம் தேதி போட்டீர்கள், அதற்குள் கூலிக்கு எடுத்துவிட்டேன்' என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பானேன்?

தேதியை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியது நமக்குப் பணம் எப்போது தேவை என்பதை அல்ல. அவர் கணக்கில் பணம் எப்போது இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வாடிக்கையாளர் துணியை ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் விற்பவர். சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. தறி ஓட்டுபவர்களுக்கு அவர் சனிக்கிழமை கூலி கொடுக்கிறார். எனவே செவ்வாய்க்குப் பிறகு கணக்கில் சேரும் பணம் சனிக்கு முன் குறைந்துவிடும். இடையில் வரும் வியாழக்கிழமைதான் அவருக்குத் தோதான நாள். மாதத்தின் இரண்டாவது வியாழன் என்று வைத்தால் ஜூலை 9, ஆகஸ்ட் 13, செப்டம்பர் 10, அக்டோபர் 8 என்று நான்கு தேதி கிடைக்கிறது. நான்கும் வங்கி வேலை நாட்கள். இதை ஒரு தொலைபேசிப் பேச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டு கடிதத்தில் எழுதினால், திரும்பும் காசோலைகளில் பாதி திரும்பாது.

முன்பெல்லாம் காசோலையை வங்கியில் போட்டால் பணம் எடுபட ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த இடைவெளியை நம்பி, போட்டது தெரிந்த பிறகு பணம் கட்டுவோர் உண்டு. 2025 அக்டோபர் 4 முதல் அந்த முறை மாறிவிட்டது. காலையில் வங்கி அனுப்பும் காசோலைப் படத்துக்கு, பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலைக்குள் ஏற்பு அல்லது மறுப்பு சொல்லிவிட வேண்டும். அதனால் எழுதிய தேதியன்று காலையிலேயே கணக்கில் பணம் இருந்தாக வேண்டும் என்பதைக் கடிதத்தில் பணிவாக நினைவூட்டுவது நல்லது. பழைய பழக்கத்தில் இருப்பவருக்கு இது உதவியாக இருக்கும்.

எடுத்துவிட வேண்டிய இரண்டு வரிகள்

வெற்றுக் காசோலை கேட்கும் வரி முதலில் போக வேண்டும். கையெழுத்து மட்டும் இட்டுக் கொடுத்த காசோலையை வாங்கியவர் நிரப்பினாலும், கொடுத்தவர் கடனுக்காகவே கொடுத்தார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிறுவும் சுமை கொடுத்தவர் தலையில் விழும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. இதைக் கேள்விப்பட்ட சில வியாபாரிகள் வெற்றுக் காசோலைதான் நல்ல பிடி என்று நினைக்கிறார்கள். அதே காரணத்தால்தான் விவரம் தெரிந்த எந்த வாடிக்கையாளரும் அதைத் தரமாட்டார். தந்தாலும் உறவு அன்றோடு முறிந்தது. மேலும் தொகையையும் தேதியையும் நாமே நிரப்பினால், கணக்கைவிடக் கூடுதலாக நிரப்பினோம் என்ற குற்றச்சாட்டு நம்மைத் தேடி வரும். நான்கு காசோலையும் அவர் கையாலேயே முழுமையாக நிரப்பப்பட்டு வருவது இருவருக்குமே பாதுகாப்பு.

அடுத்தது வழக்கு மிரட்டல். காசோலையே இன்னும் வரவில்லை. வராத காசோலைக்கு 138ஆம் பிரிவில் வழக்கு ஏது? பணம் தரவில்லை என்றால் கடனை வசூலிக்க உரிமையியல் வழக்குத்தான் போட முடியும். பொருந்தாத மிரட்டல் எழுதியவரின் அறியாமையைத்தான் காட்டும். 'பலமுறை கேட்டும் பயனில்லை' என்பதும் வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டபின் அனுப்பும் கடிதம் இது. பழைய தாமதத்தைக் கிளறினால் பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த இரண்டு வரிகளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டியது நம் பக்கத்து வாக்குறுதிகள். பின்தேதியிட்ட காசோலை கொடுப்பவருக்கு இருக்கும் பயம் மூன்று: தேதிக்கு முன் போட்டுவிடுவார்களோ, வேறு வழியில் பணம் கட்டிய பிறகும் போட்டுவிடுவார்களோ, தொலைத்துவிடுவார்களோ. இவை மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இருந்தால் காசோலைப் புத்தகத்தைத் திறக்க அவர் தயங்கமாட்டார்.

திருத்திய கடிதம்

"3-6-2026

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு வழங்கிய நூலுக்கான பில் எண் 214 (12-3-2026, ரூ. 1,94,250), பில் எண் 226 (28-3-2026, ரூ. 1,68,150) ஆகியவற்றின் மொத்தம் ரூ. 3,62,400. இதில் 4-5-2026 அன்று தாங்கள் வங்கி மூலம் அனுப்பிய ரூ. 50,000 வரவு வைக்கப்பட்டுள்ளது. மீதி ரூ. 3,12,400.

இந்தத் தொகையை நான்கு தவணையாகத் தருவதாகத் தாங்கள் தொலைபேசியில் கூறியதற்கு நன்றி. அதன்படி கீழ்க்கண்ட நான்கு காசோலைகளை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்:

9-7-2026 தேதியிட்டு ரூ. 80,000
13-8-2026 தேதியிட்டு ரூ. 80,000
10-9-2026 தேதியிட்டு ரூ. 80,000
8-10-2026 தேதியிட்டு ரூ. 72,400

இந்தத் தேதிகளில் எதுவும் தங்களுக்குத் தோதுப்படாவிட்டால், காசோலை எழுதும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

காசோலைகளில் பெறுபவர் பெயராக, இந்தக் கடிதத்தின் தலைப்பில் உள்ள எங்கள் கடைப் பெயரை எழுத்து மாறாமல் எழுதி, இடது மேல் மூலையில் இரு கோடிட்டு 'பெறுபவர் கணக்கில் மட்டும்' என்று குறிக்கவும். தங்கள் நிறுவனக் கணக்குக் காசோலையாக இருந்தால் நிறுவன முத்திரையும் தேவை. பாசிட்டிவ் பே முறையில் இந்த நான்கு காசோலைகளின் விவரங்களையும் தங்கள் வங்கியில் பதிவு செய்துவிட்டால் உதவியாக இருக்கும்.

எந்தக் காசோலையையும் அதன் தேதிக்கு முன் வங்கியில் போடமாட்டோம். போடுவதற்கு இரண்டு நாள் முன்பு தங்களுக்குத் தகவல் சொல்வோம். ஏதாவது ஒரு தவணையை வேறு வழியில் செலுத்தினால், அதற்குரிய காசோலையைப் போடாமல் தங்களிடம் திருப்பித் தருவோம். இப்போது காசோலை எடுத்தவுடனே பணம் அன்றே கழிக்கப்படுவதால், அந்தந்தத் தேதியில் காலையிலேயே கணக்கில் இருப்பு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

12-6-2026 வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் ஆள் நேரில் வந்து பெற்றுக்கொண்டு, காசோலை எண்களுடன் ரசீது தருவார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள"

முதல் கடிதத்தைவிட இது நீளம்தான். ஆனால் வாடிக்கையாளர் இதை மேசையில் வைத்துக்கொண்டே, யாரையும் கேட்காமல் நான்கு காசோலையையும் எழுதிவிடலாம். கடிதத்தை ஒருமுறை வேறு யாரிடமாவது கொடுத்து, 'இதைப் பார்த்து ஒரு தாளில் காசோலை மாதிரி எழுது' என்று சொல்லிப் பாருங்கள். எங்கே அவர் நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே இன்னொரு வரி தேவை. பள்ளியில் கடிதப் பயிற்சிக்கு நான் கையாண்ட முறை இது. வியாபாரக் கடிதத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

பாசிட்டிவ் பே என்பது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு. ரூ. 50,000 அல்லது அதற்கு மேற்பட்ட காசோலை எழுதுபவர், அதன் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றைத் தன் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். காசோலை வரும்போது வங்கி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். கணக்கு வைத்திருப்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது இது; ஆனால் ரூ. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. நம் எடுத்துக்காட்டில் நான்கும் அரை லட்சத்துக்கு மேல் என்பதால்தான் அந்த வரி.

காசோலை கைக்கு வந்ததும்

வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். தேதிக்கு எட்டுக் கட்டங்கள் இருக்கும். முதல் காசோலையில் 09072026 என்று இருக்க வேண்டும். எண்ணில் உள்ள தொகையும் எழுத்தில் உள்ள தொகையும் ஒன்றா என்று வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் மாறினால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது சட்டம். ஆனால் வங்கியில் அந்த வாதம் எடுபடாது; மாறுபட்ட காசோலையைத் திருப்பிவிடுவார்கள். எழுத்துத் தொகையைத் தமிழிலும் எழுதலாம். 'எழுபத்திரண்டாயிரத்து நானூறு மட்டும்' என்று இடைவெளி விடாமல், கோட்டின் தொடக்கத்திலிருந்தே எழுதியிருக்க வேண்டும்.

அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க வேண்டாம். இன்று காசோலையின் படத்தை வைத்தே வங்கிகள் பரிமாறிக்கொள்வதால், பெயரிலோ தொகையிலோ செய்த திருத்தத்தைப் பக்கத்தில் கையெழுத்திட்டாலும் ஏற்பதில்லை. தேதியைப் புதுப்பிக்க மட்டும் விலக்கு உண்டு. நாமே எதையும் திருத்துவது அதைவிட மோசம். முக்கியமான விவரத்தைக் கொடுத்தவரின் சம்மதமின்றி மாற்றினால் காசோலையே செல்லாததாகிவிடும்.

ரசீது கொடுக்கும்போது நான்கு காசோலை எண்ணையும், வங்கிக் கிளையையும், தேதியையும், தொகையையும் எழுதி, நகலில் அவரது கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். காசோலைகளை மடிக்கக் கூடாது, குண்டூசியோ ஸ்டேப்ளரோ போடக் கூடாது. அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில் காந்த மையால் அச்சிட்ட எண்களை எந்திரம் படிப்பதால், அங்கே பேனாவோ முத்திரையோ படக் கூடாது. ஒரு நீளமான உறையில் போட்டு, பில்லின் நகலோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது போதும். சாவி ஒருவரிடமும், எந்தக் காசோலையை எப்போது போட வேண்டும் என்ற பதிவேடு இன்னொருவரிடமும் இருந்தால் இன்னும் நல்லது. கைபேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'வந்துவிட்டது' என்று சொல்லும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அந்தப் படத்தில் ஒருவரின் கணக்கு எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன. கையெழுத்தைப் பார்த்து வரைய அதுவே போதும்.

தேதிக்கு முன் தெரியாமல் போட்டுவிட்டால், காலம் வராத காசோலை என்று வங்கி திருப்பி அனுப்பும். வாடிக்கையாளருக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி போகும். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்பார். உரிய நாளில் போடும்போது பெட்டியில் போடுவதைவிடக் கவுண்ட்டரில் கொடுத்து, அடிக்கட்டையில் முத்திரை வாங்குவது நல்லது. கேட்டால் வங்கி அதை மறுக்கக் கூடாது.

இடையில் பணம் வந்தால்

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று காசோலையும் பணமாகிவிட்டன, மீதி ரூ. 72,400. செப்டம்பர் 30 அன்று வாடிக்கையாளர் கைபேசி மூலம் ரூ. 30,000 அனுப்பிவிடுகிறார். இப்போது பாக்கி ரூ. 42,400. பெட்டகத்தில் இருக்கும் காசோலையிலோ ரூ. 72,400. அக்டோபர் 8 அன்று அதை அப்படியே போட்டால், பணமானால் கூடுதலாக வாங்கியவர்கள் ஆகிறோம். திரும்பினாலோ வழக்கு நிற்காது. காசோலை கொடுத்த பின் ஒரு பகுதி பணம் செலுத்தப்பட்டிருந்தால், அதைக் காசோலையின் மேல் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போடும்போது 138ஆம் பிரிவு பொருந்தாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பகுதிப் பணத்தைக் காசோலையிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போடச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அப்படிக் குறித்த தாளை வங்கியில் எடுக்கவைப்பது எளிதல்ல. பழைய காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரூ. 42,400க்குப் புதிய காசோலை வாங்குவதே நேரான வழி. திருப்பிக் கொடுத்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

'ஒரு வாரம் பொறுத்துப் போடுங்க' என்று அவர் கேட்டால், பொறுக்கலாம். மூன்று மாதம் இருப்பதால் ஜூலை 9 காசோலையை ஜூலை 16இல் போடுவதில் தடையில்லை. அந்த வேண்டுகோளை மட்டும் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தால்

வங்கி தரும் திருப்பு அறிக்கையில் காரணம் எழுதியிருக்கும். கையெழுத்து மாறுபாடு போன்ற காரணம் என்றால் புதுக் காசோலை வாங்கினால் தீர்ந்தது. போதிய பணம் இல்லை என்றால், அந்த அறிக்கை நமக்குக் கிடைத்த நாளைப் பதிவேட்டில் உடனே குறிக்க வேண்டும். காலக்கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. ஜூலை 10 அன்று அறிக்கை கிடைத்தது என்றால் 30 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 9க்குள், காசோலைத் தொகையைக் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் 9 ஞாயிற்றுக்கிழமை. எனவே கடைசி நாள் வரை காத்திருப்பது அறிவல்ல. அறிவிப்புக் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டிவிட்டால் குற்றம் இல்லை. கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு திரும்பிய அந்தக் காசோலையின் தொகைக்கு மட்டும்தான். மற்ற மூன்று காசோலைகளுக்கும் அவற்றின் தேதி வரவேண்டும்.

வாடிக்கையாளர் 'இன்னொரு முறை போடுங்க, பணம் வெச்சிருக்கேன்' என்று சொன்னால், மூன்று மாதத்துக்குள் அதே காசோலையை மறுபடியும் போடலாம். மீண்டும் திரும்பினால், அந்த இரண்டாவது திருப்பு அறிக்கையை வைத்துப் புதிதாக 30 நாளை எண்ணி அறிவிப்பு அனுப்ப 2012இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. ஆனால் முதல்முறை திரும்பிய பிறகு எழுத்தில் எதுவும் அனுப்பாமல், வாய்ப்பேச்சிலேயே மூன்று மாதம் கடந்துவிட்டால் அந்தக் காசோலையால் பிறகு குற்ற வழக்குத் தொடர முடியாது. அப்போது மிஞ்சுவது பில்களும், ரசீது நகலும், ஜூன் 3 அன்று எழுதிய அந்தக் கடிதமும்தான். உரிமையியல் வழக்குக்கு அவை போதுமானவை.